ஒரே ஹாலில் ஒரே கம்பெனி டிவி இரண்டு: ரிமோட் கோடை மாற்றுவதா, வேறு வழி பார்ப்பதா?

மேற்கு மாம்பலத்தில் எங்கள் சித்தப்பா வீட்டு ஹால் ரயில் பெட்டி மாதிரி நீளமானது. நீளம் பதினாறு அடி, அகலம் பத்தடிதான். இடுப்பில் ஆபரேஷன் ஆனபிறகு சித்தப்பாவின் கட்டிலை ஹாலின் கிழக்குக் கோடியில் போட்டு, அந்தச் சுவரிலேயே அவருக்கென்று 32 இஞ்ச் டிவி ஒன்றை மாட்டினார்கள். மேற்குச் சுவரில் ஏற்கெனவே 43 இஞ்ச் டிவி இருந்தது. "ஒரே கம்பெனியா வாங்கிட்டா ரிமோட் தொலைஞ்சாலும் இன்னொண்ணு உதவும்" என்று சித்திதான் யோசனை சொன்னார். உதவியது என்னவோ உண்மை. அன்றைக்குச் சாயங்காலமே எனக்கு போன் வந்துவிட்டது.

"டேய், நான் இங்க சவுண்டு கூட்டினா அங்க கத்துது. அவ அங்க ஆஃப் பண்ணினா எனக்கு நியூஸ் போயிடுது."

இதைவிட எரிச்சலான ஒன்றும் இருந்தது. பெரும்பாலான ரிமோட்டில் பவர் பட்டன் ஒன்றுதான். ஓடுகிற டிவியை அணைப்பதும் அதுதான், அணைந்த டிவியைப் போடுவதும் அதுதான். அதனால் ஒரு டிவி ஓடிக்கொண்டும் மற்றது அணைந்தும் இருக்கும்போது அழுத்தினால், ஓடியது அணையும், அணைந்தது எழுந்துகொள்ளும். திரும்ப அழுத்தினால் பழையபடி மாறும். ஒரு டிவியில் ரிமோட் ஒளியைப் பிடிக்கும் ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அழுத்தினால்தான் இந்தக் கண்ணாமூச்சி நிற்கும்.

டிவி கெட்டுப்போனதாகவோ ரிமோட் மாறி வந்துவிட்டதாகவோ நினைத்து சர்வீஸுக்கு போன் போட வேண்டாம். இரண்டும் ஒழுங்காகத்தான் வேலை செய்கின்றன. சாதாரண ஐஆர் ரிமோட்டுக்கு எந்த டிவியிடம் பேசுகிறோம் என்பதே தெரியாது. முனையில் இருக்கும் சின்ன எல்இடி, ஐஆர் என்கிற கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டுவிட்டு அடிக்கிறது, அவ்வளவுதான். அந்த மின்னலில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று முகவரி, மற்றது கட்டளை. முகவரி என்றால் வீட்டு முகவரி என்று நினைத்துவிடக் கூடாது. "இந்தக் கம்பெனியின் டிவி" என்கிற அளவுக்குத்தான் அது. சீரியல் நம்பர் அதில் கிடையாது. ஒரே தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே கதவிலக்கம் போட்ட மாதிரி.

சித்தப்பாவுக்கு இதை நேரில் காட்டுவதற்காக, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வைத்திருந்த ஐஆர் ரிசீவர் ஒன்றை ஆர்டுயினோ என்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டில் மாட்டி, ரிமோட் சிக்னலைப் படித்துச் சொல்லும் IRremote லைப்ரரியை ஓடவிட்டு, இரண்டு ரிமோட்டின் பவர் பட்டனையும் அடுத்தடுத்து அழுத்தினேன். திரையில் வந்தது இது:

```
Protocol=NEC Address=0x4 Command=0x8
Protocol=NEC Address=0x4 Command=0x8
```

முதல் வரி 32 இஞ்ச் டிவியின் ரிமோட், இரண்டாவது 43 இஞ்சினுடையது. ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. டிவிக்கு இவர் சித்தப்பா, அவர் சித்தி என்று எப்படித் தெரியும்?

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தடம் மாறுகிறார்கள். "ரிமோட் கோடு மாற்றுவது எப்படி" என்று தேடினால் வருவதெல்லாம் யூனிவர்சல் ரிமோட்டில் செட் பட்டனை அழுத்திப் பிடித்து மூன்று, நான்கு இலக்க எண் போடுகிற வித்தை. அது ரிமோட்டின் வாயை மாற்றுகிறது. டிவியின் காது பழையபடியே இருக்கிறது. புது ரிமோட் அந்தக் கம்பெனியின் பாஷையைப் பேசக் கற்றுக்கொண்டால், திரும்பவும் இரண்டு டிவியும்தான் கேட்கும். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுக்கு டிவியின் பவர், வால்யூம் பட்டன்களைக் கற்றுக்கொடுப்பதும் அப்படியே. இரண்டு டிவியைப் பிரிக்க வேண்டுமென்றால் ஒரு டிவியின் காது மாற வேண்டும், அதற்கு ஏற்றபடி அதன் ரிமோட்டும் மாற வேண்டும். இல்லையென்றால், ஒளி ஒன்றுக்கு மட்டும் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். இதற்கு வெளியே மூன்றாவது வழி ஐஆரையே கைவிடுவது. சித்தப்பா வீட்டில் மூன்றையும் எடைபோட்டுப் பார்த்தோம்.

முறையான வழி என்றால் டிவியிலேயே கோடை மாற்றுவதுதான். அந்த வசதி இருந்தால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். ஜப்பானில் விற்கும் டிவிகள் பலவற்றில் ரிமோட் கோடு 1, 2 என்று மெனுவிலேயே இருக்கும். சின்ன வீடுகள், பக்கத்துப் பக்கத்து அறைகள், அதனால் அவர்கள் முன்கூட்டியே யோசித்துவிட்டார்கள். ஒரே வார்டில் பல கட்டில் இருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கென்று செய்யும் டிவிகளிலும் இந்த மாதிரிப் பிரிக்கும் வசதி உண்டு. டியூஷன் சென்டரில் இரண்டு புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய விஷயமாக இருக்கலாம். எப்சன் புரொஜெக்டர்கள் சிலவற்றில் Projector ID என்று 1 முதல் 9 வரை எண் கொடுக்கலாம். ரிமோட்டிலும் ID பட்டனை அழுத்திக்கொண்டே அதே எண்ணைத் தட்டினால், அந்த ரிமோட் அந்த ஒரு புரொஜெக்டரோடு மட்டும் பேசும்.

அப்படி வசதி உள்ள டிவி உங்களிடம் இருந்தால் வரிசை முக்கியம். முதலில் மற்ற டிவியின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது, ஸ்டாண்ட்பையில் இருக்கும் டிவியும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். பிறகு மாற்ற வேண்டிய டிவியின் மெனுவில் கோடை 2 என்று வையுங்கள். வைத்த நொடியே கையிலுள்ள ரிமோட் அதற்கு வேலை செய்யாமல் போகும். பதறாதீர்கள், அப்படித்தான் ஆக வேண்டும். இப்போது கையேட்டில் சொல்லியிருக்கும் இரண்டு பட்டன்களைச் சேர்த்துச் சில விநாடி அழுத்திப் பிடித்து ரிமோட்டையும் 2-க்கு மாற்றுங்கள். ரிமோட்டை முதலில் மாற்றிவிட்டால் டிவியின் மெனுவுக்குள் போவதற்கே வழியில்லாமல் நிற்பீர்கள். எல்லாம் முடிந்தபிறகு மற்ற டிவியின் பிளக்கைச் சொருகிச் சோதியுங்கள்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் ரிமோட் திடீரென்று வேலை செய்யவில்லை என்றால், அன்றைக்கு பேட்டரி மாற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றினால் பழையபடி 1-க்குப் போய்விடும் ரிமோட்டுகள் உண்டு. டிவி 2-ல் காத்திருக்கும், ரிமோட் 1-ல் பேசிக்கொண்டிருக்கும். ரிமோட்டின் முதுகில் "கோடு 2" என்று எழுதி, எந்தப் பட்டன்களை அழுத்த வேண்டும் என்பதையும் குறித்து ஒட்டிவைப்பது நல்லது. டிவியை ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் கோடு பழைய நிலைக்குப் போகலாம்.

சித்தப்பா வீட்டு டிவிகளில் இந்த மெனு இல்லை. நம் ஊர்க் கடைகளில் வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் பெரும்பாலான டிவிகளில் இருக்காது. உங்களிடம் இருப்பதில் உண்டா என்று பார்க்க, கையேட்டின் பிடிஎஃப்பில் Remote ID, Remote code, IR code என்ற சொற்களைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மெக்கானிக்குகளுக்கென்று இருக்கும் சர்வீஸ் மெனுவுக்குள் நுழைந்து துழாவுவதை மட்டும் செய்யாதீர்கள். பேனல் வகை, ரெசொல்யூஷன் மாதிரியான அமைப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. ஒன்று தவறினால் படம் தலைகீழாகவோ, கோடுகோடாகவோ, வராமலேயோ போகும். அப்புறம் மெனுவைப் பார்ப்பதற்கே திரை இருக்காது.

மெனு இல்லையென்றால் டிவியின் கோடை மாற்ற முடியாது என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. விலை குறைந்த, பெயர் தெரியாத பிராண்டு டிவிகள் பலவற்றில் உள்ளே இருப்பது மெக்கானிக்குகள் யூனிவர்சல் போர்டு என்று சொல்லும் பொதுவான போர்டு. அதற்கு வேறு ரிமோட்டை ஏற்கும் சாஃப்ட்வேரை பென் டிரைவில் போட்டு ஏற்ற முடியும். ஆனால் போர்டின் எண்ணும் பேனலின் ரெசொல்யூஷனும் அச்சாகப் பொருந்த வேண்டும், அந்த சாஃப்ட்வேருக்கான ரிமோட்டும் கையில் இருக்க வேண்டும். பழகிய மெக்கானிக் செய்தால் சரி. இதே போர்டுகள்தான், வேறு வேறு பெயர் ஒட்டிய இரண்டு டிவி ஒரே ரிமோட்டுக்கு ஆடுவதற்கும் காரணம். "வேற கம்பெனிதானே சார்" என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டாமல், வீட்டு ரிமோட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய் அந்த டிவி முன்னால் எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டிவியை இடம் மாற்றுவதுதான் என் முதல் யோசனையாக இருந்தது. படுக்கையறையில் வேறு கம்பெனியின் பழைய டிவி ஒன்று இருந்தது. அதைச் சித்தப்பாவுக்கு மாட்டி, புது 32-ஐ உள்ளே கொண்டுபோனால் செலவே இல்லாமல் பிரச்சினை தீரும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதைவிடச் சுத்தமான தீர்வு கிடையாது, ஏனென்றால் முகவரியே வேறாகிவிடுகிறது. "எனக்குன்னு வாங்கினதை உள்ள தூக்கிட்டுப் போவீங்களா?" என்று சித்தப்பா கேட்டதோடு அது முடிந்தது.

அடுத்தது ஒளியை மறைப்பது. சொல்லக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் எல்லா ஹாலிலும் இல்லாவிட்டாலும் சரியான ஹாலில் இது நன்றாக எடுபடும். சித்தப்பா கிழக்கே பார்த்து ரிமோட்டை நீட்டுகிறார். 43 இஞ்ச் டிவி அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஆனாலும் அது கேட்கிறதென்றால், ஒளி அவர் டிவிக்குப் பின்னாலிருக்கும் வெள்ளைச் சுவரில் பட்டுச் சிதறி, ஹாலின் முழு நீளத்தையும் திரும்பக் கடந்து மேற்குச் சுவருக்குப் போகிறது. கட்டிலிலிருந்து அவருடைய டிவி ஐந்தடிதான். நேராகப் போகும் ஒளி பலமாக இருக்கும், சுற்றிப் போகும் ஒளி மெலிந்திருக்கும். தூரம் மூன்று மடங்கானால் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். சுவரில் பட்டுச் சிதறும் நஷ்டம் அதற்கு மேல். டிவி ரிசீவர்கள் இவ்வளவு மெலிந்த ஒளியையும் பிடித்துவிடும் அளவுக்குக் கூர்மையானவை, அதுதான் சிக்கல். அந்தக் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கிவிட்டால், நேர் ஒளிக்கு மட்டும் காது கொடுக்கும்.

ஆபரேஷனுக்கு வாங்கிய வெள்ளைப் பேப்பர் பிளாஸ்திரி வீட்டில் நிறைய இருந்தது. அதைத்தான் முதலில் ரிசீவர் மேல் ஒட்டினேன். மூன்று அடுக்கு ஒட்டியும் டிவி அசரவில்லை. மெல்லிய காகிதம் வழியே ஐஆர் தாராளமாகப் போகும். பிறகு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, ரிசீவர் ஜன்னலை முழுக்க மூடிவிட்டு, நடுவில் ஒரு கீற்று மட்டும் விட்டேன். ரிசீவர் எங்கே என்று தெரியாவிட்டால், ஸ்டாண்ட்பை விளக்குக்குப் பக்கத்தில் தேடுங்கள். கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்னத் துண்டாகத் தொங்கிக்கொண்டிருக்கும், அல்லது கீழ் ஓரத்தில் மங்கலான கறுப்பு பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கும். விரலால் ஒவ்வோர் இடமாக மறைத்து ரிமோட்டை அழுத்திக்கொண்டே போனால், எங்கே மறைக்கும்போது வேலை நிற்கிறதோ அதுதான் இடம்.

கீற்று அரை சென்டிமீட்டர் இருந்தபோது இரண்டு டிவியும் கேட்டன. இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்ததும், சித்தப்பாவின் ரிமோட்டுக்கு மேற்கு டிவி வாயை மூடிக்கொண்டது. அதே மாதிரி கிழக்கு டிவிக்கும் ஒட்டினேன். சோதிக்கும்போது ரிமோட்டை நேராக மட்டும் நீட்டாமல், படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்து நீட்டியும் அழுத்திப் பார்க்க வேண்டும். சித்தப்பா பெரும்பாலும் அப்படித்தான் அழுத்துவார்.

பத்து நாள் நிம்மதி. பிறகு மறுபடி போன். ரிமோட்டுக்கு புது பேட்டரி போட்டிருந்தார்கள். புது பேட்டரியில் எல்இடி பிரகாசமாக அடித்ததும், நான் பழைய பேட்டரிக்குக் கணக்குப் பண்ணி விட்டிருந்த கீற்று அதிகமாகப் போய்விட்டது. ஆக, டேப் ஒட்டுகிறவர்கள் புது பேட்டரியைப் போட்டுக்கொண்டே ஒட்டுங்கள்.

இரண்டு டிவியும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இந்த வழியை மறந்துவிடலாம். மேட்ச் போடுவதற்கென்று மெஸ்ஸிலும் டீக்கடையிலும் மாட்டியிருப்பார்களே, அப்படி. இரண்டுக்கும் நேர் ஒளியே போகும், எதை மழுக்கினாலும் இரண்டும் ஒன்றாகத்தான் மழுங்கும். ரிமோட் முனையில் கறுப்பு சார்ட் பேப்பரைக் குழாயாகச் சுருட்டி மாட்டினால் கிட்டே போய் அழுத்தும்போது எடுபடும். ஆனால் கிட்டே எழுந்து போவதற்கு ரிமோட் எதற்கு?

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் மூன்றாவது வழி. ஒரு டிவியை ஐஆரே கேட்காதபடி முழுக்க அடைத்துவிட்டு, புளூடூத்திலோ வைஃபையிலோ இயக்குவது. புளூடூத் ரிமோட்டை ஒரு டிவியோடு ஜோடி சேர்த்துவிட்டால் அது அந்த டிவியோடு மட்டும்தான் பேசும், பக்கத்திலேயே அதே மாடல் இருந்தாலும் சரி. உங்கள் ரிமோட் எந்த வகை என்று தெரிய, முனையைக் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு வால்யூம் அழுத்துங்கள். வேலை செய்தால் அந்தப் பட்டன் புளூடூத்தில் போகிறது. ஒவ்வொரு பட்டனாகப் பார்க்க வேண்டும். குரல் தேடல், மெனு எல்லாம் புளூடூத்தில் போக, பவர் பட்டன் மட்டும் ஐஆரில் போகும் ரிமோட்டுகள் நிறைய. இல்லாவிட்டால் மொபைலின் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட் முனையை அதற்கு நேராகக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். ஐஆர் அடித்தால் பெரும்பாலான மொபைல்களில் திரையில் ஊதா வெளிச்சம் மினுக்கும்.

சித்தப்பா வீட்டில் கடைசியில் இதைத்தான் செய்தோம், மேற்கு டிவிக்கு மட்டும். அதில் கேபிள் இணைப்பு கிடையாது. பேரன் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் சொருகி ஓடிடி பார்க்கிறான். ஸ்டிக்கின் ரிமோட் புளூடூத். டிவி மெனுவில் எச்டிஎம்ஐ-சிஇசி என்கிற வசதியை ஆன் செய்தேன். ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும், Anynet+, SIMPLINK, BRAVIA Sync என்று. இதை ஆன் செய்தால், ஸ்டிக் ரிமோட்டில் ஹோம் பட்டனை அழுத்தியதும் ஸ்டிக் விழித்து, கேபிள் வழியாகவே டிவியையும் எழுப்பிவிடும். அது சரியாக நடக்கிறதா என்று நாலைந்து தரம் பார்த்துவிட்டு, ரிசீவர் மேல் சமையலறை அலுமினியம் ஃபாயிலைச் சின்னதாக வெட்டி வைத்து, அதன்மேல் டேப் ஒட்டினேன். ஃபாயிலைத் தாண்டி ஐஆர் போகவே போகாது. டிவியின் ஒரிஜினல் ரிமோட் அலமாரிக்குப் போனது. ஸ்டிக் மக்கர் பண்ணினால் டிவியின் அடியில் இருக்கும் பவர் பட்டன் எங்கே என்று பேரனுக்குக் காட்டிவைத்தேன்.

முடிந்தது என்று நினைத்து செருப்பைப் போட்டேன். பேரன் ஸ்டிக் ரிமோட்டில் வால்யூமைக் கூட்டினான். மேற்கு டிவி அமைதியாக இருந்தது. சித்தப்பாவின் டிவி கத்தியது.

காரணம் யோசித்தால் எளிது. ஸ்டிக் ரிமோட் மற்ற எல்லாவற்றையும் புளூடூத்தில் அனுப்பினாலும், வால்யூமை மட்டும் டிவி கம்பெனியின் கோடில் ஐஆராக அடித்துக்கொண்டிருந்தது. மேற்கு டிவியின் காதை நான் ஃபாயில் போட்டு அடைத்துவிட்டேன். கிழக்கு டிவியின் காது திறந்திருக்கிறது, அதே கோடு. ஸ்டிக்கின் செட்டிங்ஸில் ரிமோட் பட்டன்களுக்கான பகுதிக்குப் போய், வால்யூமை ஐஆரிலிருந்து சிஇசிக்கு மாற்றினேன். எல்லா ஸ்டிக்கிலும் இந்த மாற்றம் கிடையாது, வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். அது இல்லாத ஸ்டிக் என்றால், வால்யூமைக் கட்டுப்படுத்த அந்த டிவியின் மொபைல் ஆப்தான் வழி.

இரண்டு டிவிக்கும் ஒரே நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி காத்திருக்கிறது. டிவி பிரிந்தாலும் பாக்ஸ் பிரியாது. சானலை மாற்றினால் இரண்டிலும் மாறும். காரணம் அதேதான், பாக்ஸ் ரிமோட்டிலும் சீரியல் நம்பர் போவதில்லை. பாக்ஸை நகர்த்துவது டிவியை நகர்த்துவதைவிட எளிது என்பதால் இதற்கு மறைப்பதே போதும். ஒன்றை டிவிக்குப் பின்னாலோ மூடிய அலமாரியிலோ வைத்துவிட்டு, ரிமோட் ஒளியைப் பிடித்து பாக்ஸுக்குக் கொண்டுபோகும் ஐஆர் எக்ஸ்டெண்டர் வயரின் கண்ணை மட்டும் பார்ப்பவருக்கு நேராக ஒட்டலாம். அந்தக் கண்ணைக் குழாய்க்குள் வைத்தால் பக்கவாட்டு ஒளியும் போகாது. வயர் சொருகும் துளை உங்கள் பாக்ஸில் இருக்கிறதா என்று முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

சித்தப்பாவின் டிவி முன்னால் இப்போது டேப் எதுவும் இல்லை, உரித்துவிட்டேன். பசை மட்டும் ஒட்டிக்கொண்டு தூசி பிடித்திருந்தது. தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்ததும் போய்விட்டது.